விடயம்: அகிலன் அவர்களுக்கு அனுப்புவதற்கான அறிமுகக் குறிப்பு – உரும்பிராய்க் கிணற்று நீர்

அன்புள்ள மலர்விழி அக்காவிற்கு,

வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை கலியாண வீட்டுப் பந்தியில், மெல்பேர்ணில் நிலத்தடி நீர் ஆய்வில் இருக்கும் உங்கள் சித்தப்பாவின் மகன் அகிலனுக்கு என்னைப் பற்றி எழுதுவதாகச் சொன்னீர்கள். அந்த இரைச்சலில் நான் சரியாக நன்றி சொன்னேனோ தெரியவில்லை, இப்போது சொல்கிறேன். உங்களுக்கு எழுத்து வேலை மிஞ்சாதிருக்க, அவருக்கு அப்படியே அனுப்பக்கூடிய சிறு குறிப்பு ஒன்றைக் கீழே தந்திருக்கிறேன்.

நீங்கள் என்னை அம்மாவின் மகளாகத்தான் அறிவீர்கள்; என் வேலையைப் பற்றி நாம் அதிகம் பேசியதில்லை. உங்கள் பெயரை முன்வைத்து ஒருவரிடம் போவதற்கு முன், நான் என்ன செய்கிறேன் என்பதை நீங்கள் முழுமையாக அறிந்திருப்பதே முறை. நான் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் இரசாயனவியலைச் சிறப்புப் பாடமாகப் படித்துப் பட்டம் பெற்று, ஒன்பது ஆண்டுகளாக உரும்பிராய்ப் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் தரம் 10, 11 மாணவருக்கு விஞ்ஞானம் கற்பிக்கிறேன். இவ்வாண்டு பதினான்கு மாணவர்களுடன் சேர்ந்து, பாடசாலையைச் சுற்றியுள்ள முப்பத்தாறு வீட்டுக் கிணறுகளின் நீரில் நைத்திரேற்று எவ்வளவு இருக்கிறது என்பதை, ஆவணியில் ஒருமுறையும் மாரி மழை ஓய்ந்த பின் தையில் ஒருமுறையும் அளக்கத் திட்டமிட்டிருக்கிறோம்.

இதற்குத் தூண்டுதலாக இருந்தது ஒரு மாணவியின் வீட்டில் நடந்த சம்பவம். அவளுடைய அக்காவிற்குக் குழந்தை பிறந்திருந்ததால், தோட்டக் கிணற்று நீரை ஓரிடத்தில் கொடுத்துப் பரிசோதித்திருக்கிறார்கள். அறிக்கையில் 14 என்று இருந்தது. குடிநீருக்கான எல்லை 50 என்று யாரோ சொல்லியிருந்ததால், வீட்டார் நிம்மதியடைந்து அந்த நீரிலேயே பால்மா கரைத்துக் கொடுத்து வந்தார்கள். அந்தத் தாளை மாணவி வகுப்பிற்குக் கொண்டுவந்தபோதுதான், 14 என்பது நைத்திரேற்றின் அளவு அல்ல, நைத்திரேற்றிலுள்ள நைதரசனின் அளவு என்பது அடியில் சிறிய எழுத்தில் இருந்ததைக் கண்டேன். அதை நைத்திரேற்றாக மாற்ற ஏறக்குறைய 4.43 ஆல் பெருக்க வேண்டும். அப்படிப் பார்த்தால் லீற்றருக்கு 62 மில்லிகிராம், அதாவது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் 50 மில்லிகிராம் எல்லைக்கு மேல். நீரைக் கொதிக்க வைத்துத்தான் கொடுக்கிறோம் என்று தாயார் சொன்னார். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், ஆனால் நைத்திரேற்று போகாது. நீர் ஆவியாகிக் குறைவதால் அதன் செறிவு சற்றுக் கூடவே செய்யும். குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை, இப்போது வேறு நீர் கொடுக்கிறார்கள். ஆயினும் படித்தவர்கள் உள்ள வீட்டிலேயே ஓர் அலகைத் தவறாக வாசித்ததால் இப்படி நேர முடியுமென்றால், அதைக் கற்பிக்க வேண்டிய இடம் வகுப்பறைதான் என்று எனக்குத் தோன்றியது.

அகிலன் அவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். நாங்கள் எழுதிய மாதிரி சேகரிப்புத் திட்டம் இரண்டு பக்கம் வரும். அதை வாசித்து, எங்கே பிழை விடுகிறோம் என்று அரை மணி நேரம் சொன்னால் போதும். யாழ்ப்பாணத்திலிருந்து வெளிநாட்டிற்கு ஒரு கடிதம் போனால் முதல் வரியிலேயே பணம் கேட்கப் போகிறார்கள் என்று எண்ணுவது வழமையாகிவிட்டது. அதற்குக் காரணம் நாங்கள்தான் என்பதையும் மறுக்கமாட்டேன். இதில் பணத்திற்கு இடமே இல்லை. பரிசோதனைத் தாள்களைப் பெற்றோர் சங்கம் வாங்கித் தந்துவிட்டது.

ஒரு வேண்டுகோள்: முதலில் அவருடைய விருப்பத்தைக் கேளுங்கள். அவர் சரி என்று சொன்ன பின்னரே அவருடைய மின்னஞ்சலை எனக்குத் தாருங்கள். நேரமில்லை என்று சொன்னால் வற்புறுத்த வேண்டாம், எனக்கு அதில் மனக்குறை இராது. நான் நேரில் சொன்ன அந்த மாணவியின் பெயரை அவரிடமும் சொல்லாதிருந்தால் நல்லது. கிணறு கெட்டது என்ற பேச்சு ஊரில் பரவினால், நாளைக்குக் காணி விற்கவும் அவர்களுக்குச் சிரமமாகும்.

அனுப்ப வேண்டிய குறிப்பு இது:

———

அகிலன் அண்ணாவிற்கு வணக்கம். என் பெயர் சுகந்தி. இணுவிலில் வசிக்கிறேன், உரும்பிராய்ப் பக்கத்தில் விஞ்ஞான ஆசிரியையாகப் பணியாற்றுகிறேன். மலர்விழி அக்கா என் அம்மாவுடன் ஒரே பாடசாலையில் படிப்பித்தவர். பதினான்கு மாணவர்களும் நானும் முப்பத்தாறு வீட்டுக் கிணறுகளில் நைத்திரேற்றை ஆவணியிலும் தையிலும் அளக்க இருக்கிறோம். சுண்ணாம்புக் கல்லின் மேல் மெல்லிய செம்மண். வெங்காயத் தோட்டத்து யூரியாவும் மலசலகூடக் குழியும் ஒரே கிணற்றிற்கு அருகில். இவற்றில் எதனால் எவ்வளவு என்று எங்கள் முறையால் பிரித்தறிய முடியுமா, முடியாதென்றால் எதை மட்டும் சொல்லலாம் என்பதே எங்கள் கேள்வி. இரண்டு பக்கத் திட்டத்தை வாசித்து அரை மணி நேரம் பேச இயலுமா? உங்களுக்கு இரவு 8 மணி என்றால் இங்கே மாலை 3.30, ஆடி முடிவதற்குள் எந்த வார நாளும் எனக்குச் சரி. பண உதவி எதுவும் வேண்டியதில்லை.

———

அவர் மேலதிகமாக ஏதும் கேட்டால் சொல்வதற்காக இரண்டு விடயங்கள். மாதிரிகளைக் குளிர்பெட்டியில் வைத்து, எடுத்த அன்றே பரிசோதனைத் தாளால் பார்ப்போம். தாளின் நிறத்தைக் கண்ணால் ஒப்பிடுவது நுட்பமான அளவீடு அல்ல என்பதை அறிவோம். ஆகவே ஒவ்வொரு முறையும் ஆறு மாதிரிகளை ஆய்வுகூடம் ஒன்றில் சரிபார்க்க எண்ணியிருக்கிறோம். எந்த ஆறு என்பதை எப்படித் தெரிவது என்பதில்தான் எனக்குத் தயக்கம். நைத்திரேற்று கூடியவற்றையே அனுப்பலாம் என்று மாணவர்கள் சொல்கிறார்கள். குறைந்தவையும் இடைப்பட்டவையும் சேர வேண்டும் என்பது என் எண்ணம். முடிவுகள் கிணற்றிலக்கத்தோடு மட்டுமே பதியப்படும். அந்தந்த வீட்டாருக்கு மட்டும், அலகைத் தெளிவாக எழுதி, கையிலே கொடுப்போம்.

குறிப்பில் எதையாவது குறைக்க வேண்டுமென்று தோன்றினால் தயங்காமல் குறையுங்கள். அவருக்கு முன்னுரையாக உங்கள் கையால் ஒரு வரி எழுதினால் அது என்னுடைய பத்து வரிகளிலும் நன்றாக வேலை செய்யும். அவர் என்ன பதில் சொன்னாலும் நான் அறியத்தந்து, திட்டம் முடிந்ததும் முடிவுகளின் சுருக்கத்தை உங்களுக்கும் அனுப்புவேன்.

அம்மா உங்களை விசாரித்ததாகச் சொல்லச் சொன்னார். மாமாவின் முழங்கால் வலி இப்போது எப்படியிருக்கிறது?

அன்புடன்,
சுகந்தி
இணுவில்