தொழில் சுருக்கம்: டையிங் மாஸ்டர் பணியிலிருந்து கழிவுநீர் சுத்திகரிப்புக்கு

விண்ணப்பிக்கும் பணி: ஷிப்ட் ஆபரேட்டர், சாயக்கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம்
வயது: 47. ஊர்: திருப்பூர். படிப்பு: டெக்ஸ்டைல் பிராசசிங் டிப்ளமோ

பின்னல் துணிச் சாயப்பட்டறைகளில் 23 ஆண்டுகள். அதில் கடைசி 14 ஆண்டுகள் டையிங் மாஸ்டர். பெராக்சைடு பிளீச்சிங், காட்டனுக்கு ரியாக்டிவ் சாயம், சோப்பிங் எல்லாம் சாஃப்ட் ஃப்ளோ மெஷினில். 2011-இல் உயர் நீதிமன்ற உத்தரவால் பட்டறைகள் மூடப்பட்டதும், ஜீரோ டிஸ்சார்ஜ் வசதியோடு மீண்டும் திறக்கப்பட்டதும் இந்தக் காலத்தில்தான்.

சுத்திகரிப்பு நிலையத்துக்கு நான் கொண்டுவருவது, மெஷினிலிருந்து எது, எப்போது, எவ்வளவு வடியும் என்ற கணக்கு. கறுப்பு ஷேடுக்கு லிட்டருக்கு 80 கிராம் குளோபர் உப்பு என்று வைத்தால், 500 கிலோ துணி ஓடும் மெஷினில் 1:6 விகிதத்தில் 3,000 லிட்டர் தண்ணீர். ஒரு பேட்சில் மட்டும் 240 கிலோ உப்பு. இப்படி மூன்று கறுப்பு ஒரே நேரத்தில் வடிந்தால் சேகரிப்புத் தொட்டியில் டி.டி.எஸ். ஏறி, ஆர்.ஓ. அழுத்தம் கூடி, நல்ல தண்ணீர் குறையும். மறுநாள் ஷேடு பட்டியலை முந்தின மாலையே கேட்டு வாங்குவது, உப்புத் தண்ணீரையும் கழுவிய தண்ணீரையும் தனித்தனி வாய்க்காலில் விடச் சொல்வது, இரண்டும் எனக்குப் பழக்கமான வேலை. பட்டறைக்காரர்களிடம் அவர்கள் பாஷையிலேயே பேச முடியும். பிளீச்சிங் தண்ணீரில் பெராக்சைடு மிச்சம் இருந்தால் ஏரேஷன் தொட்டியின் பாக்டீரியா அடிபடும், மெம்பரேனும் கெடும். அதனால் வடிக்கும் முன் ஸ்ட்ரிப்பில் பார்க்காமல் வால்வைத் திறக்க விடமாட்டேன்.

கடந்த 8 மாதங்களாக ஒரு பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் இரவு ஷிப்ட் பயிற்சி ஆபரேட்டர். ஜார் டெஸ்ட், 30 நிமிட ஸ்லட்ஜ் படிவு, கரைந்த ஆக்சிஜன் அளவு (லிட்டருக்கு 2 மி.கி.க்குக் குறையாமல்) தனியாகப் பார்க்கிறேன். ஆர்.ஓ. லாக் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை. நல்ல தண்ணீர் வரத்து 10 முதல் 15 சதவீதம் குறைந்தாலே மெம்பரேன் கழுவ வேண்டும். தள்ளிப்போட்டால் படிவு இறுகி, கழுவினாலும் பழைய வரத்து திரும்பாது. முதல் ஸ்டேஜில் அடைப்பு என்றால் பெரும்பாலும் அழுக்கு, காரக் கழுவல்; கடைசி ஸ்டேஜில் என்றால் உப்புப் படிவு, அமிலக் கழுவல். இரண்டும் தேவைப்படும்போது காரம் முதலில்.

தெரியாததையும் சொல்லிவிடுகிறேன். எவாப்பரேட்டரை மேற்பார்வையோடுதான் ஓட்டியிருக்கிறேன். பி.எல்.சி. திரையில் செட்பாயிண்ட் மாற்றுவேன், புரோகிராம் எழுதத் தெரியாது.

மாஸ்டர் சம்பளம் எதிர்பார்க்கவில்லை. ஷிப்ட் ஆபரேட்டர் சம்பளத்துக்கே சம்மதம். இரவு ஷிப்டும் ஞாயிற்றுக்கிழமையும் பிரச்சினை இல்லை. பயிற்சி முடிய இன்னும் 15 நாள். அதன்பின் உடனே சேரலாம்.