உங்கள் புகார் கிடைத்தது

வணக்கம் மேடம்,

தையல் பிரிவு மேற்பார்வையாளர் மீது நீங்கள் எழுதிக் கொடுத்த பாலியல் தொந்தரவுப் புகார் ஜூன் 9 அன்று எங்களுக்குக் கிடைத்தது. 2013-ஆம் ஆண்டுப் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டப்படி 7 வேலை நாட்களுக்குள் அதன் நகல் அவருக்குப் போகும். விசாரணையை 90 நாட்களுக்குள் முடிப்போம். அது முடிந்த 10 நாட்களில் அறிக்கை உங்கள் கைக்கு வரும். முதலில் ஜூன் 16 காலை 11 மணிக்கு உங்களிடம் பேசுகிறோம்.

புகார் கொடுத்ததற்காக ஷிப்ட் மாற்றம், சம்பளப் பிடித்தம், மிரட்டல் எதுவும் நடக்கக் கூடாது. சாட்சி சொல்பவர்களுக்கும் இதே பாதுகாப்புதான். யாராவது ஜாடையாகப் பேசினால்கூட அன்றைக்கே சொல்லுங்கள், பொறுத்துப் போக வேண்டாம். அவர் இருக்கும் லைனில் வேலை பார்க்கச் சங்கடமா? எழுதிக் கொடுங்கள், விசாரணை முடியும்வரை இடமாற்றமோ, 3 மாதம் வரை கூடுதல் விடுப்போ நாங்கள் பரிந்துரைக்க முடியும்.

தலைவர்,
உள்ளகப் புகார்க் குழு