ஜூலை 1 முதல் டீம் மாற்றம்: எல்லாரும் ஒரு தடவை முழுசா படிச்சிடுங்க

எல்லாருக்கும் வணக்கமுங்க.

ஜூலை 1ஆம் தேதியில இருந்து மெர்ச்சண்டைசிங், குவாலிட்டி, ஃபேப்ரிக் மூணு பக்கமும் ஆட்கள் இடம் மாறுறாங்க. யாரோட வேலை மாறுதோ அந்த ஒன்பது பேர்கிட்டயும் தனித்தனியா பேசி முடிச்சுட்டேன். எட்டு பேர்கிட்ட நேர்ல, ஒருத்தர்கிட்ட போன்ல. இதைப் படிக்கிறப்போ உங்ககிட்ட யாரும் வந்து பேசலைன்னா, உங்க வேலை மாறலைன்னு அர்த்தம். பதற வேண்டாம்.

இந்த மெசேஜ் சனிக்கிழமையே வந்திருக்கணும். அந்த ஒருத்தர் அம்மாவை ஆஸ்பத்திரில சேர்த்துட்டு தாராபுரத்துல இருந்தார். அவர்கிட்ட சொல்லாம குரூப்ல போட மனசு வரலை. நேத்து ராத்திரிதான் பேச முடிஞ்சது. அதான் திங்கக்கிழமை ஆயிடுச்சு.

இவ்வளவு பார்த்தும் ஒரு இடத்துல சொதப்பிட்டேன். வெள்ளிக்கிழமை சீட்டிங் பேப்பரை பிரிண்ட் கொடுத்துட்டு எடுக்க மறந்துட்டேன். பத்து நிமிஷம் பிரிண்டர்லயே கிடந்திருக்கு. அதைப் பார்த்து ரெண்டு பேர் தங்களோட பேரும் அதுல இருக்குன்னு தெரிஞ்சுகிட்டாங்க. அவங்ககிட்ட அன்னிக்கே மன்னிப்பு கேட்டுட்டேன், இங்கயும் கேட்டுக்கிறேன். முன்னே சாம்பிள் ரூமை மாடிக்கு மாத்தினப்போ நம்ம டெய்லர் அண்ணன் காலையில வந்து பார்த்தா மெஷினே இல்லை, அது நின்ன இடத்துல நாலு எண்ணெய்க் கறை மட்டும் இருந்தது. விஷயத்தை டீ கொண்டு வந்த பையன்தான் அவருக்குச் சொன்னான். அந்த மாதிரி இன்னொரு தடவை நடக்கக் கூடாதுன்னு நினைச்சேன். முழுசா முடியலை.

எதுக்கு இந்த மாத்தம்னு கேப்பீங்க. போன மாசம் குழந்தைங்க டீ-ஷர்ட் ஆர்டர், 11,400 பீஸ், ஃபைனல் இன்ஸ்பெக்ஷன்ல ஃபெயில் ஆனது எல்லாருக்கும் தெரியும். ஏக்யூஎல் 2.5ல 315 பீஸ் எடுத்தாங்க. 14 டிஃபெக்ட் வரைக்கும் பாஸ், 15 வந்தா ஃபெயில். நமக்கு வந்தது 19. அதுல பாதிக்கு மேல கழுத்து ரிப் ஷேட். பாடி ஒரு லாட்ல டையிங் ஆயிருக்கு, ரிப் பத்தாம போய் அடுத்த லாட்ல தனியா போட்டு வாங்கியிருக்கோம். ரெண்டையும் ஜன்னல் வெளிச்சத்துல பக்கத்துல பக்கத்துல வெச்சா கண்ணு தெரியாதவங்களுக்கும் தெரியும். மூணு நாள் ராத்திரி செக்கிங் டேபிள்ல உக்காந்து மொத்தத்தையும் மறுபடி பார்த்தோம்.

நான் சொல்ல வர்றது என்னன்னா, தையல் ஆரம்பிச்ச மூணாம் நாளே நம்ம கியூசி இதை எழுதி வெச்சிருக்காங்க. ரிப்போர்ட்டை நானே பார்த்தேன், தேதியோட இருக்கு. ஆனா இப்போ இருக்கிற முறையில கியூசி அவங்கவங்க டீம் மெர்ச்சண்டைசர்கிட்டதான் சொல்லணும். ஷிப்மெண்ட் தேதியை நெஞ்சுல சுமந்துட்டு இருக்கிறவர்கிட்டயே போய் "நிறுத்துங்க"ன்னு சொல்லணும். யார் அந்த நாற்காலில உக்காந்திருந்தாலும் "பார்த்துக்கலாம்"னுதான் சொல்லியிருப்பாங்க, நானும் அதே நாற்காலில இருந்தப்போ சொல்லியிருக்கேன். அதனால இதை யார் தலையிலயும் கட்ட வேண்டாம். இன்னொண்ணு, ஒரே டையிங் யூனிட்டுக்கு நம்ம கம்பெனில இருந்து மூணு பேர் போன் பண்ணி மூணு விதமா அவசரம் சொல்றோம். அவங்க யாரோட லாட்டை முதல்ல போடுவாங்க? கடைசியா கத்தினவரோடதை.

இனிமே இப்படி. கியூசி எல்லாரும் மூணு டீமையும் விட்டு வெளிய வந்து ஒரே குவாலிட்டி செக்ஷன் ஆகுறாங்க. பொறுப்பு மாலதி அக்கா. அவங்க மெர்ச்சண்டைசிங்குக்குக் கீழே இல்லை, ஃபேக்டரி மேனேஜர்கிட்ட நேரா பேசுவாங்க. அக்கா லைனை நிறுத்தச் சொன்னா லைன் நிக்கும். மறுபடி ஓட்டணும்னா அக்கா கையெழுத்து இல்லன்னா மேனேஜர் கையெழுத்து வேணும். என் கையெழுத்து செல்லாது, நானே கேட்டு வாங்கின ஏற்பாடு இது.

மூணு மெர்ச்சண்டைசிங் டீம் ரெண்டாகுது. மூணாவது டீமைப் பார்த்துட்டு இருந்த செந்தில் அண்ணன் ஃபேப்ரிக் பொறுப்புக்குப் போறார். நூல் வாங்குறதுல இருந்து நிட்டிங், டையிங், காம்பேக்டிங் வரைக்கும் வெளிய போற ஜாப் ஒர்க் அத்தனையும் அவர் கையில. டையிங் யூனிட்டுக்கு நம்ம பக்கத்துல இருந்து இனி அவர் ஒருத்தர் போன்தான் போகணும். திவ்யா முதல் டீமுக்கும் பிரபு ரெண்டாம் டீமுக்கும் வர்றாங்க. அவங்க பையர் அவங்க கூடவே வர்றாங்க.

செந்தில் அண்ணன் இதைக் கேட்டதும் சிரிச்சுட்டு சரின்னு சொல்லலை. பையர்கிட்ட பேசி வளர்ந்தவர், அந்த வேலை கையை விட்டுப் போகுதேன்னு அவருக்கு இருக்கு. அதை இங்க எழுதலாமான்னு அவர்கிட்டயே கேட்டேன், "எழுதுங்க மேடம், உள்ளதுதானே"ன்னார். ஆறு மாசம் பார்த்துட்டு டிசம்பர் கடைசில ரெண்டு பேரும் உக்காந்து மறுபடி பேசுறதா முடிவு பண்ணியிருக்கோம்.

கம்பெனி யாரையும் வேலையை விட்டு அனுப்பலை. ஆனா ஒன்பது பேர்ல ஒருத்தர் இந்தப் புது ஏற்பாடு தனக்கு ஒத்து வராதுன்னு விலகிக்கிறதா சொல்லியிருக்கார். யாருன்னு அவரே சொல்லுவார், சொல்ற நாளும் அவரோடது. விரல் விட்டு எண்ணினா கண்டுபிடிச்சிடலாம்தான். தயவுசெஞ்சு எண்ணாதீங்க.

சம்பளம் யாருக்கும் குறையலை. சர்வீஸ் அப்படியே தொடரும், பிஎஃப் யூஏஎன் அதேதான், தீபாவளி போனஸ் கணக்குல ஒரு நாளும் விடுபடாது. பொறுப்பு கூடுற ரெண்டு பேருக்கு சம்பளம் 21,000 தாண்டுது. ஈஎஸ்ஐ உடனே நின்னுடுமான்னு அதுல ஒருத்தர் கேட்டார். நிக்காது. ஏப்ரல்ல ஆரம்பிச்ச கணக்கு செப்டம்பர் 30 வரைக்கும் ஓடும், அதுவரைக்கும் பிடித்தமும் இருக்கும். அதுக்கப்புறம் என்னங்கிறதை அக்கவுண்ட்ஸ் அண்ணன்கிட்ட இந்த வாரமே கேட்டு வெச்சுக்குங்க.

ஓடிட்டு இருக்கிற ஆர்டர்ல கை வைக்கலை. கட்டிங் போயாச்சுன்னா அந்த ஆர்டரை ஆரம்பிச்சவங்களே ஷிப்மெண்ட் வரைக்கும் முடிக்கணும். இன்னும் கட்டிங் போகாதது மட்டும் புதுக் கைக்கு மாறும். எந்த ஆர்டர் யார்கிட்டங்கிற பட்டியல் நாளைக்கு நோட்டீஸ் போர்டுல இருக்கும். இந்தத் தடவை பிரிண்டர் பக்கத்துல நானே நிப்பேன்.

பையர்களுக்கு இன்னிக்கு சாயந்திரம் 4 மணிக்கு நானே மெயில் போடுறேன். டையிங், பிரிண்டிங் யூனிட்டுகளுக்கு செந்தில் அண்ணன் நாளைக்கு நேர்ல போய்ச் சொல்லுவார். அதுவரைக்கும் வெளிய யார்கிட்டயும் பேச வேண்டாம். நம்ம ஆள் மாறின கதையை பையர் டையிங்காரர் வாயால கேட்டா நல்லா இருக்காது.

கீழே "வாழ்த்துகள்", கைதட்டல் எதுவும் போடாதீங்க. இது எல்லாருக்கும் சந்தோஷமான செய்தி இல்லை. படிச்சதுக்கு ஒரு "ஓகே" போதும். சந்தேகம் இருந்தா இன்னிக்கு 2ல இருந்து 4 வரைக்கும் என் கேபின் கதவு திறந்திருக்கும், சாயந்திரம் 7க்கு மேல போன் பண்ணலாம். பொதுவா கேக்க வேண்டியதை நாளைக்கு 4.30 டீக்கு அப்புறம் சாம்பிள் ரூம்ல வெச்சுக்கலாம். மேனேஜரும் வர்றார். இடம் மாறின ஒன்பது பேரையும் ஆளாளுக்குப் பிடிச்சு என்ன ஏதுன்னு கேக்காதீங்க, அவங்க ஏற்கெனவே வீட்டுல எல்லாருக்கும் பதில் சொல்லிட்டு வந்திருக்காங்க.

வியாழக்கிழமை தூத்துக்குடி கண்டெய்னர் காலையில 9க்கே வருது. ஸ்டஃபிங்குக்குப் பழைய லிஸ்ட் ஆட்களே. பேக்கிங்ல இன்னும் 62 கார்ட்டன் பாக்கி, புதன் மதியத்துக்குள்ள முடிச்சுக் குடுங்க.

– உமா