எட்டு மாதம் கழித்து, தாண்டிக்குடியிலிருந்து

எல்லோருக்கும் வணக்கம்.

பொங்கலுக்கு முந்தின வாரம் இந்தப் பக்கத்தில் கடைசியாக ஒரு படம் போட்டேன். வாசலில் காப்பிக்கொட்டை காய்ந்துகொண்டிருக்கும் படம். அதற்குப் பிறகு இன்றுதான் எழுதுகிறேன். நடுவில் உங்களில் பலர் மெசேஜ் அனுப்பினீர்கள். "தூள் இருக்கா?" என்று கேட்டவர்கள் உண்டு. "எல்லாரும் நல்லா இருக்கீங்களா?" என்று விசாரித்தவர்கள் உண்டு. யாருக்கும் நான் பதில் போடவில்லை.

வீட்டில் எல்லோரும் நலம். காரணம் வேறு. ஜனவரியில் நாங்கள் உங்களுக்கு அனுப்பிய காப்பித்தூள் கெட்டுப்போன தூள். அது தெரிந்த பிறகும் உங்களிடம் சொல்ல எனக்கு மனம் துணியவில்லை. இன்று அதைச் சொல்லிவிட்டுத்தான் மற்ற பேச்சு.

நடந்தது இதுதான். கீழ்ப்பழனி மலையில் எங்கள் பக்கத்துக்கு வடகிழக்குப் பருவமழைதான் பெரிய மழை. அராபிகா பழம் எடுப்பும் அதே சமயத்தில்தான் தொடங்கும். டிசம்பர் முதல் வாரம் எடுத்த பழத்தை அன்று மாலையே பல்பரில் போட்டுத் தோல் உரித்தோம். ஒரு நாளைக்கு மேல் தொட்டியில் புளிக்கவிட்டு, வழுவழுப்பு போகக் கழுவினோம். அதுவரை எந்தக் குறையும் இல்லை. காயவைக்கும்போதுதான் மழை பிடித்துக்கொண்டது. தொடர்ந்து ஆறு நாள், வெயிலே கிடையாது.

கழுவிய கொட்டையில் பாதிக்குமேல் ஈரம்தான் இருக்கும். அது 10, 11 சதவீதத்துக்கு இறங்க வேண்டும். நல்ல வெயில் அடித்தால் ஒரு வாரம், பத்து நாளில் இறங்கிவிடும். மெல்லியதாகப் பரப்பி, மணிக்கு ஒருமுறை கிளறிவிட வேண்டும். நாங்களோ களத்தில் குவித்து, தார்ப்பாய் போட்டு மூடி வைத்தோம். வானம் கொஞ்சம் வெளுத்தால் திறப்பது, தூறினால் மறுபடியும் மூடுவது. மூடிய தார்ப்பாய்க்குள் கொட்டை வியர்க்கும். பூசணம் பிடிக்க அது போதும்.

அப்பா கொட்டையைப் பல்லில் வைத்துக் கடித்துப் பார்ப்பார். சரியாகக் காய்ந்த கொட்டையில் பல் பதியாது. அன்றைக்குக் கடித்துப் பார்த்துவிட்டு, "இன்னும் உள்ளுக்குள்ள பச்சையாத்தான் இருக்கு, நாலு நாள் போகட்டும்மா" என்றார். பொங்கலுக்குள் அனுப்புவதாக உங்களிடம் நான் சொல்லிவிட்டிருந்தேன். அப்பா பேச்சைக் கேட்காமல் மூட்டை கட்டி மில்லுக்கு அனுப்பியது நான். ஓடு நீக்கி, வறுத்து, அரைத்து, 92 கிலோ தூள் 137 வீடுகளுக்குப் போயிற்று. காபி வாரியத்தின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிற ஊரில் இருந்துகொண்டு, அங்கே போய் ஒரு வார்த்தை கேட்கவும் எனக்குத் தோன்றவில்லை.

ஒரே வாரத்தில் பதினோரு பேர் எழுதினார்கள். "மக்கல் வாடை அடிக்குது." "பழைய சாக்கு மாதிரி இருக்கு." ஒரு தம்பி, பால் சேர்த்தாலும் அந்த வாடை போகவில்லை என்று வீடியோவே எடுத்து அனுப்பியிருந்தார். வீட்டில் மிச்சம் இருந்த பொட்டலத்தைப் பிரித்தேன். அவர்கள் சொன்னது அத்தனையும் உண்மை.

இன்னும் கொஞ்சம் கருக வறுத்து, சிக்கரியைக் கூட்டினால் தெரியாது என்று அப்போது ஒருவர் யோசனை சொன்னார். அதை நாங்கள் செய்யவில்லை. பூசணம் பிடித்த கொட்டையில் ஓக்ராடாக்சின் என்ற நச்சு உண்டாகலாம். வறுத்தால் கொஞ்சம் குறையும், முழுக்கப் போகாது. கையில் இருந்த இரண்டு மூட்டையையும் குப்பைக்குழியில் கொட்டி மண் போட்டு மூடினோம். அந்தத் தூள் யார் வீட்டிலாவது இன்னும் இருந்தால் தயவுசெய்து கொட்டிவிடுங்கள். பொட்டலத்தின் பின்பக்கம் ஜனவரி மாதம் அச்சிட்டிருக்கும். வீணாகிறதே என்று வைத்துக்கொள்ள வேண்டாம்.

கொட்டையை மண்ணில் போட்ட அன்றைக்கே உங்களிடமும் சொல்லியிருக்க வேண்டும். நாளைக்கு எழுதலாம் என்று நினைத்தேன். மறுநாள் இன்னும் நாலு மெசேஜ் சேர்ந்திருந்தது. பிறகு பக்கத்தைத் திறக்கவே பயமாகிவிட்டது. மார்ச் கடைசியில் பூமழை பெய்து, பத்தாம் நாள் தோட்டம் முழுக்க வெள்ளை வெளேரென்று பூத்தது. மல்லிகை மாதிரி வாசம் வீட்டுக்குள் வந்தது. போன வருடம் அந்தப் படத்துக்குத்தான் நீங்கள் அதிகமாக எழுதியிருந்தீர்கள். இந்த வருடமும் எடுத்தேன். போட மனது வரவில்லை. தப்பைச் சொல்லாமல் பூப்படம் போடுவது எப்படி?

மூன்று வாரம் முன்னால் மதுரையிலிருந்து ஒரு அம்மா இங்கே முருகன் கோயிலுக்கு வந்திருந்தார். ரிட்டையர்டு டீச்சர், நம்மிடம் மூன்று வருடமாகத் தூள் வாங்குகிறவர். ஊரில் விசாரித்துக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டார். சண்டை போடுவார் என்று நினைத்தேன். திண்ணையில் உட்கார்ந்து, அம்மா கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டுச் சொன்னார்: "மழைக்காலத்துல ஒரு தடவை கெட்டுப்போறது எனக்குப் புரியும் கண்ணு. ஒரு வார்த்தை பதில் இல்லையேங்கறதுதான் மனசுக்குக் கஷ்டமா இருந்துச்சு." அவர் பஸ் ஏறிப் போன பிறகு ரொம்ப நேரம் அந்தத் திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தேன். இதை எழுத வைத்தவர் அவர்தான். அம்மா, நீங்கள் இதைப் படித்தால், மன்னித்துக்கொள்ளுங்கள். அந்த 137 வீட்டாரிடமும் அதையே கேட்கிறேன்.

சரி, இப்போது செய்யப்போவதைச் சொல்கிறேன்.

ஜனவரியில் தூள் வாங்கிய ஒவ்வொருவருக்கும், வாங்கிய அளவுக்குப் புதுத் தூள் அனுப்புகிறோம். கூரியர் செலவு எங்களுடையது. தூள் வேண்டாம், பணம் போதும் என்றால் பணத்தைத் திருப்பித் தருகிறோம். மிளகு விற்றதில் 50,000 ரூபாய் இதற்கென்று தனியாக எடுத்து வைத்திருக்கிறேன். பொட்டலத்தின் படமோ பில்லோ கேட்க மாட்டேன். யாருக்கு எவ்வளவு போனது என்று அம்மாவின் நோட்டில் இருக்கிறது. நீங்கள் முகவரி மாறியிருந்தால் மட்டும் சொல்லுங்கள், போதும். அன்றைக்குக் குறை சொல்லாமல் இருந்தவர்களுக்கும் இது பொருந்தும். வாடை அடித்தும் சங்கடப்பட்டுக்கொண்டு சொல்லாமல் விட்டவர்கள் நிறையப் பேர் இருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும்.

புதுத் தூள் எங்கிருந்து என்று கேட்பீர்கள். அது பிப்ரவரியில் எடுத்த கடைசிப் பழம். மழை விட்டு நல்ல வெயில் அடித்த நாட்கள். ஒன்பது நாள் காய்ந்தது. அப்பா கடித்துப் பார்த்துச் சரி என்றார். அதோடு விடாமல் ஈரப்பதமானி ஒன்று வாங்கி வைத்தும் பார்த்தோம், 10.6 காட்டியது. மேல் ஓட்டோடு சாக்கில் கட்டி, பலகை மேல் அடுக்கி வைத்திருந்தோம். ஓட்டோடு இருந்தால் கொட்டை மாதக்கணக்கில் தாங்கும். மொத்தம் 260 கிலோ. ஓடு நீக்கினால் 208 கிலோ நிற்கும். வறுக்கும்போது இன்னும் எடை இறங்கும். கடைசியில் தூளாக சுமார் 175 கிலோ. முதல் 92 கிலோ உங்களுக்குத் தர வேண்டிய பாக்கி. அது போன பிறகு மிச்சம் இருக்கும் 80 கிலோ சொச்சம்தான் விற்பனைக்கு.

போன வாரம் ஐந்து கிலோ வறுத்துப் பார்த்தோம். அதே டீச்சர் அம்மாவுக்கும், வீடியோ அனுப்பிய தம்பிக்கும் முதலில் அனுப்பினேன். இரண்டு பேரும் நல்லா இருக்கு என்று சொன்ன பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

இன்னொரு விஷயம். மேலே இருக்கும் படத்தில் தெரிவது எங்கள் புது உலர் கொட்டகை. மகளிர் குழுவில் 60,000 ரூபாய் கடன் வாங்கிப் போட்டோம். மேலே வெயில் புகும் பிளாஸ்டிக் ஷீட். உள்ளே இடுப்பு உயரத்தில் வலைக்கட்டில்கள். கொட்டைக்குக் கீழேயும் காற்று போகும், மழை பெய்தாலும் தார்ப்பாய் போட்டு மூடத் தேவையில்லை. பக்கவாட்டுத் திரையைச் சுருட்டி விட்டால் புழுக்கம் வெளியே போய்விடும். முழு விளைச்சலையும் இதில் காயவைக்க முடியாது, ஒரு தடவைக்கு 150 கிலோதான் கொள்ளும். அதனால் இந்த முறை பழத்தையும் அந்த அளவுக்குத்தான் எடுப்போம். மிச்சம் மரத்தில் நாலு நாள் காத்திருக்கட்டும்.

இப்போது தோட்டத்தில் காய் பச்சையாக நிற்கிறது. சில்வர் ஓக்கில் ஏறிய மிளகுக்கொடியில் சரம் விட்டிருக்கிறது. இடையில் மலைவாழை இரண்டு தார் தள்ளியிருக்கிறது. அக்டோபரில் பெருமழை தொடங்கும். நவம்பர் கடைசியில் பழம் சிவக்க ஆரம்பிக்கும். இந்த முறை மழை எத்தனை நாள் பெய்தது, எந்த மூட்டை எத்தனை நாள் காய்ந்தது, ஈரம் எவ்வளவு காட்டியது என்று ஒவ்வொன்றையும் இங்கே எழுதுவேன். ஒரு மூட்டை சரியில்லை என்றால் அதையும் எழுதுவேன். பொங்கலுக்குள் தருவேன் என்று மட்டும் சொல்ல மாட்டேன். காய்ந்தால்தான் தருவேன்.

விலை பற்றி: 250 கிராம் முன்பு 240 ரூபாய். இப்போது 265. கொட்டை விலையும் ஆள் கூலியும் ஏறியிருக்கிறது. பாக்கித் தூள் வாங்குகிறவர்களுக்கு இந்த வித்தியாசம் கிடையாது.

சிக்கரி கேட்கிறவர்களுக்கு 80க்கு 20 கலந்து தருகிறோம், பொட்டலத்தில் அளவு அச்சிட்டிருக்கும். கலவைத் தூளில் காப்பி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்பது சட்டம். கடையில் வாங்கும்போதும் பொட்டலத்தின் பின்பக்கம் பார்த்து வாங்குங்கள். சிக்கரி இல்லாத தூள் என்றால் டிகாக்‌ஷன் கொஞ்சம் வெளிறித்தான் இறங்கும், அது குறை இல்லை. ஃபில்டரில் ஒரு கரண்டி கூடப் போடுங்கள்.

உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். கொட்டையாகவே வாங்கி வீட்டில் அரைத்துக்கொள்கிறவர்கள் எத்தனை பேர் இருக்கிறீர்கள்? அரைத்த தூளைவிடக் கொட்டையில் மணம் அதிக நாள் நிற்கும். இருபது பேர் இருந்தால்கூட அடுத்த அறுவடையில் அதற்கென்று தனியாக ஒதுக்கி வைக்கிறேன். கீழே எழுதுங்கள்.

பதில் போடாத மெசேஜ் 214 இருக்கிறது. இன்று ராத்திரி ஏழு மணியிலிருந்து பழையதிலிருந்து ஒவ்வொன்றாகப் பதில் போடுகிறேன். மலையில் சிக்னல் விட்டுவிட்டுத்தான் கிடைக்கும், முடிய மூன்று நாலு நாள் ஆகும். யாரையும் விட மாட்டேன். கோபமாக எழுத வேண்டும் என்றாலும் எழுதுங்கள், அதற்கும் பதில் வரும்.

முதல் பார்சல்கள் வியாழக்கிழமை காலை பஸ்ஸில் வத்தலக்குண்டு இறங்குகின்றன. அங்கிருந்து கூரியர். அம்மாவும் சித்தியும் இப்போது நோட்டைப் பார்த்துப் பார்த்து முகவரி எழுதிக்கொண்டிருக்கிறார்கள். சேலம் வரைக்கும் வந்தாயிற்று.