கயலுக்கு, நடுக்கடலிலிருந்து

தென் அட்லாண்டிக்
ஆகஸ்ட் 14, இரவு 11 மணி

அன்புள்ள கயல்,

ஆப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையைச் சுற்றி ஆறு நாளாகிறது. மேற்கே போகப் போகக் கடிகாரத்தை மூன்று முறை பின்னுக்குத் தள்ளிவிட்டோம். நான் படுக்கப் போகிறேன், அங்கே விடியப் போகிறது. தேர்ட் இன்ஜினியர் அடுத்த துறைமுகத்தில் சைன் ஆஃப் ஆகி ஊருக்குக் கிளம்புகிறான். கடிதத்தை அவனிடம் கொடுத்துவிடுகிறேன். போனில் லைன் கட்டாவதற்குள் இதையெல்லாம் சொல்லிவிட முடியாது.

நேற்று ராத்திரி பிளாக்அவுட். பயப்படாதே, சரிசெய்தாகிவிட்டது. கப்பல் ரொம்ப ஆடியதில் எரிபொருள் டேங்க் அடியிலிருந்த கசடு கிளம்பி ஃபில்டரை அடைத்துவிட்டது. ஓடிக்கொண்டிருந்த ஜெனரேட்டர் நின்றது, அதோடு மெயின் இன்ஜினும். அலாரம் அடிப்பதற்கு முன்னாலேயே எனக்கு விழிப்பு வந்துவிட்டது. சத்தம் இல்லாததுதான் எழுப்பியது. லீவில் வரும்போதும் ஃபேன் நின்றால் திடுக்கிட்டு எழுவேனே, அதேதான். அப்போதெல்லாம் நீ தூக்கத்திலேயே என் கையைப் பிடித்து, "கரண்ட் போயிடுச்சு, படுங்க" என்பாய்.

எமர்ஜென்சி ஜெனரேட்டர் அரை நிமிஷத்தில் எடுத்துக்கொண்டது. அந்த அரை நிமிஷம் கும்மிருட்டு. நாலு மாதத்தில் முதல்முறையாகக் காதில் ஒன்றுமே இல்லை. பாய்லர் சூட் உடுப்பை மாட்டிக்கொண்டே உன் குரல் வருமா என்று காத்திருந்தேன், கயல். உண்மையாகவே காத்திருந்தேன். அப்புறம் டார்ச்சை எடுத்துக்கொண்டு கீழே ஓடினேன். ஃபில்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து, இன்ஜினை மறுபடி கிளப்பி மேலே வரும்போது மணி நாலு.

இந்த இன்ஜினில் ஒரு பம்ப்பின் பேரிங் தேய்ந்தால்கூட, பக்கத்தில் நடந்து போகும்போதே எனக்குத் தெரிந்துவிடும். ஆனால் பாப்பாவின் குரல் மாறிவிட்டதை நான் கவனிக்கவில்லை. போன வாரம் அவள் பேசியபோது பக்கத்து வீட்டுக் குழந்தை என்று நினைத்துவிட்டேன். முன்பல் விழுந்ததால் அப்படி என்று நீ சொன்னாய். நீ சாதாரணமாகத்தான் சொன்னாய், எனக்குத்தான் அன்றைக்கு முழுக்க மனசு ஆறவில்லை. அந்தப் பல்லைப் பத்திரமாக வை. புதுப் பல் முளைப்பதற்குள் அவளை நிறையப் பேசவிட்டு ரெக்கார்ட் செய்து வை, சிக்னல் கிடைக்கும்போது அனுப்பு.

போன லீவில் நீ எதற்கோ கோபித்துக்கொண்டு இரண்டு நாள் பேசாமல் இருந்தாய். அந்த இரண்டு நாளையும் வீணாக்கிவிட்டேன் என்று இப்போது தோன்றுகிறது. நானே முதலில் வந்து பேசியிருக்க வேண்டும்.

கான்ட்ராக்ட் முடிய ஏழு வாரம் இருக்கிறது. என்னை மாற்ற ஆள் வருவதாக உறுதியானதும் முதலில் உனக்குத்தான் சொல்வேன். உன் முதுகுவலிக்கு டாக்டரைப் போய்ப் பார். நான் வரும்வரை தள்ளிப்போடாதே.

பில்ஜ் பம்ப் மாதிரி ஏதோ ஒன்று கீழே விட்டுவிட்டு ஓடுகிற சத்தம் கேட்கிறது. போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.

உன்
முகிலன்