உன் ஸ்டாக் லிஸ்ட் பார்த்தேன்: இப்போதைக்கு இதை மட்டும் வாங்கு

தங்கச்சி, நீ அனுப்பிய மளிகைக் கடை இருப்பு லிஸ்ட்டை மேலிருந்து கீழே வரை பார்த்துவிட்டேன். 41 பொருள், ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு எண். கையில் 25,000 ரூபாய் இருக்கிறது, செவ்வாய்க்கிழமை ஏஜென்சியிலிருந்து ஆர்டர் எடுக்கிற லைன் ஆள் வருவதற்குள் எதை எவ்வளவு ஆர்டர் போடலாம் என்று கேட்டிருக்கிறாய். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், 25,000-ஐயும் இந்த லிஸ்ட்டை மட்டும் நம்பி இறக்காதே. ஐந்தாறாயிரத்துக்குள் இப்போது வாங்க வேண்டியது இருக்கிறது, அதைக் கீழே சொல்கிறேன். மீதிக்கு நீ இன்னும் கொஞ்சம் விவரம் எடுத்துக் கொடுக்கணும், அது வரை பணம் உன் கையிலேயே இருக்கட்டும்.

ஏன் என்றால், லிஸ்ட்டில் பிஸ்கட் 48, ராகி மாவு 6 என்று இருக்கிறது. பார்த்தவுடன் ராகி மாவு தீரப்போகிறது, பிஸ்கட் நிறைய இருக்கிறது என்றுதான் தோன்றும். ஆனால் நம் பக்கம் பாதி வீட்டில் ராகியை வாங்கிக் காயவைத்து மில்லில் அரைத்துக்கொள்கிறார்கள், பாக்கெட் மாவு வாங்குகிறவர்கள் குறைவு. மூன்று நாளைக்கு ஒரு பாக்கெட் போகிறது என்று வைத்துக்கொள், 6 பாக்கெட் 18 நாளைக்கு வரும். பிஸ்கட் நாளைக்கு 6 பாக்கெட் போனால் 48 என்பது எட்டே நாள். அந்த எண் குறைவா நிறைவா என்பதை அது போகிற வேகம்தான் சொல்லும், அதுதான் உன் லிஸ்ட்டில் இல்லை. சரக்கு வந்து சேர எத்தனை நாள் ஆகும் என்பதும் இல்லை, பாக்கெட்டில் போட்டிருக்கும் தேதியும் இல்லை.

இந்த மூன்றையும் தேடுவதற்கு முன்னால் லிஸ்ட்டிலேயே சரி செய்ய வேண்டியது சில இருக்கிறது. 'கடலை எண்ணெய் 12' என்றால் லிட்டர் பாக்கெட்டா, டின்னா? 'ஷாம்பு 60' என்றால் 60 சரமா, 60 பாக்கெட்டா? இதில் தப்பு நடந்தால் ஒரு மாதச் சரக்கு ஒரு வருடச் சரக்காகிவிடும். 'து.பருப்பு 8' என்று ஒரு வரி, 'துவரம்பருப்பு 25' என்று இன்னொரு வரி. ஒன்று லூஸ், இன்னொன்று பாக்கெட் என்றால் சரி, ஒரே பொருளை மாமா ஒரு பெயரிலும் நீ ஒரு பெயரிலும் ஏற்றியிருந்தால் சேர்த்து ஒன்றாக்கு. டீத்தூள் -3 என்று காட்டுகிறது பார், கடையில் மைனஸ் மூன்று பாக்கெட் இருக்க முடியாது. வந்த சரக்கை பில்லில் ஏற்றாமல் விற்றிருப்பீர்கள், இல்லை 100 கிராம் விற்றதற்கு 250 கிராம் பெயரில் பில் போட்டிருப்பீர்கள். கம்ப்யூட்டரை நம்பி டீத்தூள் ஆர்டர் போட்டுவிடாதே, அலமாரியில் கையால் எண்ணிப் பார். அப்படிப் பெயர் மாறி பில் போட்டிருந்தால் ஒன்றில் மைனஸும் வேறு ஒன்றில் கூடுதலாகவும் காட்டும், 100 கிராமையும் சேர்த்து எண்ணு.

இப்போது வாங்க வேண்டியது. உப்பு 0, தீப்பெட்டி 0. இதற்கு எந்தக் கணக்கும் வேண்டாம். கெட்டுப்போகாது, விலை குறைவு, எல்லா வீட்டுக்கும் வேண்டும், உப்பு இல்லை என்று திரும்புகிறவர் கையோடு பருப்பையும் எண்ணெயையும் அடுத்த கடையில் வாங்கிக்கொண்டு போய்விடுவார். லைன் வரும் வரை காத்திருக்காமல் பென்னாகரத்திலேயே மொத்தக் கடையில் எடு, லாபம் கொஞ்சம் குறைந்தால் குறையட்டும். சர்க்கரை 3 என்று இருக்கிறது, கிலோவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன், மூட்டை என்றால் வேண்டாம். கிலோ என்றால் ஒரு சின்ன அளவு மட்டும் எடு, ஒரு வாரத்துக்கு ஓடினால் போதும். துணி சோப்பு 4, அதுவும் இப்படித்தான், கெடாத பொருள், ஒரு பெட்டி கூடுதலாக இருந்தாலும் நஷ்டம் இல்லை, பணம் கொஞ்ச நாள் முடங்கும், அவ்வளவுதான்.

வாங்காமல் நிறுத்தி வைக்க வேண்டியதும் இதே யோசனைதான், திருப்பிப் போட்டால் போதும். தீர்ந்துபோனால் சின்ன நஷ்டம், மிஞ்சிப்போனால் பெரிய நஷ்டம் என்கிற பொருளை விவரம் தெரியாமல் தொடக்கூடாது. குழந்தைகளுக்கான பால் பவுடர் 2 டின் இருக்கிறது, அதை இன்றே எடுத்துத் தேதி பார், தேதி நெருங்கியிருந்தால் அலமாரியிலிருந்தே எடுத்துவிடு, யாராவது கேட்டால் மட்டும் புதிதாக வரவழைத்துக் கொடு. மைதா, கோதுமை மாவு, ராகி மாவு, சத்து மாவு எல்லாம் நிற்கட்டும். முழு ராகி பல மாதம் அப்படியே இருக்கும், அரைத்துவிட்டால் அந்த ஆயுள் இல்லை, மழை ஈரம் பட்டால் கட்டி கட்டும், பூச்சி வைக்கும். பத்து வாங்கினால் ஒன்று இலவசம் என்று லைன் ஆள் மாவைத்தான் தள்ளப் பார்ப்பார், அந்த ஒன்றுக்கு ஆசைப்பட்டு மூன்றைத் தூக்கி எறிய வேண்டிவரும். காலாவதியான தின்பண்டம் விற்றால் உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம், அபராதம் வரும், அதை விடு, நம் ஊரில் அந்தப் பேச்சு ஒரு தடவை கிளம்பினால் கடைக்கு ஆள் வராது.

பால் 14, பிரெட் 9, தயிர் 5, இட்லி மாவு 7. இவற்றை இந்த லிஸ்ட்டிலிருந்தே எடுத்துவிடு. நீ எழுதும்போது 14 இருந்த பால் நான் படிக்கும்போது இருக்காது. இவற்றுக்கு ஒரு சின்ன நோட்டுப் போட்டு தினமும் எத்தனை வந்தது, ராத்திரி எத்தனை மிஞ்சியது, எத்தனை மணிக்குத் தீர்ந்தது என்று மட்டும் எழுது. காலை எட்டு மணிக்கே பால் தீர்ந்துவிட்டால் 'மிச்சம் 0' என்பது நல்ல செய்தி இல்லை, அதற்கப்புறம் கேட்டவர்கள் எல்லாம் திரும்பிப்போயிருக்கிறார்கள்.

இனி விவரம் எடுக்கிற வழி. 41-க்கும் வேண்டாம், அதிகம் போகிற, அதிகப் பணம் போடுகிற பதினைந்து பொருளை மட்டும் எடுத்துக்கொள். மாமா வாங்கின பில்லை எல்லாம் கம்பியில் குத்தி வைத்திருப்பார் இல்லையா, அதுதான் உனக்கு இப்போது பொக்கிஷம். துவரம் பருப்பு ஜூன் 1-ல் 30 கிலோ, ஜூன் 28-ல் மறுபடி 30 கிலோ, இரண்டு தடவையும் தீர்ந்தபின்தான் வாங்கினார் என்று அவர் சொன்னால், 27 நாளில் 30 கிலோ, நாளைக்கு ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேல். விற்பனை பில் இல்லாமலே வேகம் கிடைத்துவிட்டது. ஒன்றை மட்டும் மறக்காதே, நடுவில் பத்து நாள் சரக்கே இல்லாமல் இருந்திருந்தால் அந்தப் பத்து நாளைக் கழித்துவிட்டு வகு. 30 நாளில் 20 பாக்கெட் கற்பூரம் விற்றது, ஆனால் 20 நாள்தான் கடையில் இருந்தது என்றால் நாளைக்கு ஒன்று, முப்பதால் வகுத்தால் உண்மையைவிடக் குறைத்துக் காட்டும்.

சரக்கு வர எத்தனை நாள் என்பதை ஏஜென்சியில் கேட்டால் "நாளைக்கே வரும்மா" என்பார்கள். மாமாவைக் கேள், ஆர்டர் சொன்ன கிழமை எது, சாமான் இறங்கின கிழமை எது என்று. லைன் ஆள் செவ்வாய்க்கிழமை ஆர்டர் எடுத்து வெள்ளிக்கிழமை வண்டி வருகிறது என்றால் மூன்று நாள் என்று நினைத்துக்கொள்வாய், கணக்கு அப்படி இல்லை. இந்தச் செவ்வாய் நீ சொல்லாமல் விட்டதை அடுத்த செவ்வாய்தான் சொல்ல முடியும், அது அதற்கடுத்த வெள்ளிதான் இறங்கும். ஆகையால் ஒவ்வொரு செவ்வாயும் உன் கையிருப்பும் ஆர்டரும் சேர்ந்து பத்து நாளைக்குத் தாங்கணும். பிஸ்கட்டையே எடுத்துக்கொள், நாளைக்கு 6 என்றால் பத்து நாளைக்கு 60, வண்டி தாமதமானால் என்று இரண்டு நாளுக்கு 12, ஆக 72. கையில் 48 இருக்கிறது, 24 ஆர்டர் போடு. 'நிறைய இருக்கிறது' என்று தோன்றிய பிஸ்கட்டுக்கு ஆர்டர் போகிறது பார். தர்மபுரி மொத்தக் கடையில் நீங்களே போய் எடுக்கிற பருப்பு, எண்ணெய்க்கு இவ்வளவு பார்க்க வேண்டியதில்லை, நினைத்த நாளில் பஸ் ஏறலாம், நான்கைந்து நாள் கையிருப்புக்கு வந்ததும் போனால் போதும்.

தேதி பார்க்கும்போது கடைசி நாள் வரை விற்கலாம் என்று கணக்குப் போடாதே, வாங்கிப் போகிறவர் வீட்டில் வைத்துப் பயன்படுத்த நாள் வேண்டும். அந்த 6 ராகி மாவுக்கும் இன்னும் 30 நாள் இருக்கிறது என்று வைத்துக்கொள், வாங்குகிறவருக்கு 15 நாள் விட்டால் உனக்கு விற்க 15 நாள்தான். மூன்று நாளைக்கு ஒன்று என்றால் ஐந்துதான் போகும். ஆக ஆறே ஒன்று அதிகம். முன்னால் எடுத்து வை, புதியது இப்போது வேண்டாம். எந்தப் பொருளிலும் பெட்டியைப் பிரித்து ஒரு பாக்கெட் தேதி பார்த்தால் போதாது, பழையது பின்னால் ஒளிந்திருக்கும், இருப்பதிலேயே பழைய தேதியைத்தான் எழுத வேண்டும்.

இன்னொன்று, ஆடி பிறந்துவிட்டது. ஜூன் மாத வேகத்தை அப்படியே ஆடிப்பெருக்குக்கு வைக்காதே. உங்கள் ரோட்டில்தான் ஒகேனக்கலுக்கு அத்தனை கூட்டமும் போகும். மஞ்சள், குங்குமம், மஞ்சள் கயிறு, கற்பூரம், ஊதுபத்தி, தண்ணீர் பாட்டில் எல்லாம் அந்த இரண்டு மூன்று நாளில் போகிற அளவு வேறு. போன வருடம் ஜூலை கடைசியில் மாமா என்ன வாங்கினார், ஆடி பதினெட்டு முடிந்து என்ன மிஞ்சியது என்று பில்லையும் அவரையும் வைத்துப் பார். இதில் மஞ்சளும் கற்பூரமும் கொஞ்சம் மிஞ்சினாலும் பரவாயில்லை, வரலட்சுமி நோன்புக்கும் போகும். அந்தக் கூட்டத்தை நினைத்து பிரெட், கேக் வகையை மட்டும் ஏற்றிவிடாதே, திருப்பி எடுத்துக்கொள்வேன் என்று பேக்கரிக்காரர் வாயால் சொன்னால் மட்டும் கூடுதலாக எடு. எவ்வளவு திருப்புவார், பழையதற்குப் பணமா மாற்றுச் சரக்கா என்பதையும் அப்போதே பேசிக்கொள். கல்யாணச் சரக்கு ஆடியில் இருக்காது, அதனால் அரிசி, டின் எண்ணெய் இப்போது ஏற்ற வேண்டாம், ஆவணிக்கு முன்னால் பார்த்துக்கொள்ளலாம்.

இன்று ராத்திரி அந்தப் பதினைந்து பொருளுக்கு மட்டும் ஒரு தாளில் எழுதி போட்டோ அனுப்பு: பெயர், கிலோவா பாக்கெட்டா, கையால் எண்ணின இருப்பு, கடைசி இரண்டு தடவை வாங்கின தேதியும் அளவும், இருப்பதில் பழைய பாக்கெட்டின் தேதி, லைனில் வருகிறதா நீங்கள் போய் எடுப்பதா. பில் கிடைக்காததற்கு மாமா ஞாபகத்தில் இருப்பதை எழுது, பக்கத்தில் 'சுமாராக' என்று போட்டுவிடு, அதற்கு நான் அளவைக் குறைத்துச் சொல்கிறேன். திங்கட்கிழமை சாயந்திரத்துக்குள் உனக்கு அளவு போட்டு அனுப்பிவிடுகிறேன், செவ்வாய் லைன் ஆளிடம் அதைப் பார்த்து மட்டும் சொல்.