அளந்தோம்

இரவு ஒன்பதரைக்கு ஹரிணி அறிக்கையை அனுப்பினாள். பதினாறு பக்கம். அம்மாவின் போனை வாங்கிக்கொண்டு மொட்டை மாடிப் படியில் உட்கார்ந்து படித்தேன். அட்டையில் எங்கள் நான்கு பேருடைய பெயரும் இருந்தது. ஹரிணி, குழுத் தலைவர். அதற்குக் கீழே தமிழரசி, முருகேசன், சாதிக். எழுத்துப்பிழை இல்லை. படங்கள் சரியான இடத்தில் இருந்தன.

மூன்றாம் பக்கத்தில்தான் நின்றேன். 'ஒவ்வொரு வளைவிலும் வெப்பநிலையை அளந்தேன்' என்று இருந்தது.

நான் நோட்டில் எழுதிக் கொடுத்தது 'அளந்தோம்'. தட்டச்சில் கை தவறியிருக்கும் என்று அடுத்த வரிக்குப் போனேன். குறித்தேன். கணக்கிட்டேன். ஒப்பிட்டேன். பதினாறு பக்கத்திலும் ஒரு 'ஓம்' கூட இல்லை.

"எப்படி இருக்குடி?" என்று கீழே இன்னொரு செய்தி வந்தது.

"சூப்பர்" என்று அனுப்பிவிட்டுப் போனை அம்மாவிடம் கொடுத்தேன்.

எங்கள் ஆய்வு ஏற்காடு மலைப்பாதை பற்றியது. சேலத்திலிருந்து ஏறினால் இருபது கொண்டை ஊசி வளைவுகள். அடிவாரத்தில் வியர்க்கும், மேலே போனால் சட்டைக்குள் குளிரும். உயரம் கூடக்கூட வெப்பம் எவ்வளவு குறைகிறது என்று நாங்களே அளந்து பார்ப்பதுதான் திட்டம். ஒன்பதாம் வகுப்புக்கு இது போதும் என்று அறிவியல் டீச்சர் சொன்னார். ஆய்வகத்திலிருந்து இரண்டு வெப்பமானிகள் கொடுத்தார்.

முருகேசனின் அப்பா வாடகை வேன் ஓட்டுகிறவர். நவம்பர் கடைசி ஞாயிற்றுக்கிழமை, சவாரி இல்லாத காலையில், எங்களை ஏற்றிக்கொண்டு போனார். ஒவ்வொரு வளைவுக்குப் பக்கத்திலும் ஓரமாக நிறுத்தினார். இறங்கி, நிழலில் வெப்பமானியைப் பிடித்து, மூன்று நிமிடம் காத்திருந்து குறித்தோம். பத்தாவது வளைவுக்கு மேல் சில்வர் ஓக் மரங்களும், அவற்றில் சுற்றிக்கொண்டு ஏறும் மிளகுக் கொடிகளும் வந்துவிட்டன. காப்பிச் செடிகளில் பழம் சிவந்திருந்தது. ஒரு குரங்கு என் நோட்டைப் பிடுங்கப் பார்த்தது. மேலே போனபோது ஒரே மூடுபனி. ஐந்து நிமிடம்கூட நிற்காமல் திரும்பிவிட்டோம்.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டால் மூன்று டிகிரிதான் குறைந்திருந்தது. பாடப்புத்தகம் சொல்வதோ ஒரு கிலோமீட்டர் உயரத்துக்குச் சுமார் ஆறரை டிகிரி. ஏழாவது வளைவில் ஐந்தாவதைவிட வெப்பம் கூடுதலாக வேறு இருந்தது. வெப்பமானி கெட்டுப்போய்விட்டது என்றான் முருகேசன். தலைப்பையே மாற்றிவிடலாம் என்றாள் ஹரிணி.

திங்கட்கிழமை மதியம் சாப்பாட்டு நேரத்தில், டிபன் டப்பாவை மூடிக்கொண்டே சாதிக் சொன்னான்: "நாம மேல ஏற ஏற வெயிலும் ஏறுச்சுல்ல?"

எங்களுக்குப் புரியவில்லை. அவன் மெதுவாகத்தான் பேசுவான், இரண்டு தடவை கேட்க வேண்டும். ஏழரைக்குக் கிளம்பி ஒன்பதரைக்கு மேலே போயிருக்கிறோம். அந்த இரண்டு மணி நேரத்தில் அடிவாரமும் சூடாகியிருக்கும், மலையும் சூடாகியிருக்கும். காலைக் குளிரில் கீழே எடுத்த அளவை, வெயில் வந்தபிறகு மேலே எடுத்த அளவோடு எப்படி ஒப்பிட முடியும்? ஒருத்தர் கீழேயே நின்று பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அளக்க வேண்டும். அதே நேரத்தில் வண்டியில் போகிறவர்கள் மேலே அளக்க வேண்டும். இரண்டையும் கழித்தால்தான் உயரத்தின் கணக்கு வரும். அப்புறம், வேன் எஞ்சினுக்குப் பக்கத்தில் நின்று அளக்கக் கூடாது. ஏழாவது வளைவின் குளறுபடி அதனால்தான் என்றான்.

இரண்டு வெப்பமானிகளையும் ஒரே குண்டான் தண்ணீரில் வைத்துப் பார்த்ததும் அவன்தான். ஒன்று அரை டிகிரி கூடுதலாகக் காட்டியது. அதில் சிவப்பு நூல் கட்டினான்.

அடுத்த ஞாயிறு மறுபடி போனோம். யார் கீழே நிற்பது என்ற பேச்சே வரவில்லை. வேன் கிளம்பும்போது சாதிக் நோட்டோடு புளியமரத்தடியில் நின்றுகொண்டிருந்தான். அன்றைக்கு மூடுபனி இல்லை. ஏரி பளபளவென்று தெரிந்தது. படகுகளைப் பார்த்துக்கொண்டு மிளகாய் பஜ்ஜி சாப்பிட்டோம். ஹரிணி மறக்காமல் சாதிக்குக்கும் நான்கு பஜ்ஜி பொட்டலம் கட்டி வாங்கினாள். இதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவள் அப்படிப்பட்டவள்தான். நான் காய்ச்சலில் கிடந்த வாரம் தினமும் வந்து பாடம் எழுதிக் கொடுத்தவள்.

ஏரிக்கரையில் சிவப்பு நூல் வெப்பமானி 20 காட்டியது. அரை டிகிரி கழித்தால் 19.5. அதே நேரத்தில் அடிவாரத்தில் 26.5. வித்தியாசம் சரியாக ஏழு. போனில் பார்த்த உயர வித்தியாசம் ஆயிரம் மீட்டருக்குக் கொஞ்சம் மேல். கணக்கு பொருந்தியதும் முருகேசன் பெஞ்சைத் தட்டிக் கத்தினான். சாதிக் சிரித்தான், அவ்வளவுதான்.

பள்ளிக் கண்காட்சிக்குப் பக்கத்துக் கல்லூரியிலிருந்து ஒரு பேராசிரியர் வந்திருந்தார். ஹரிணி தடங்கலே இல்லாமல் விளக்கினாள். அவளைப் போல எங்களில் யாராலும் பேச முடியாது, அது உண்மை. பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்: "அடிவாரத்துல ஒரு ஆளை நிறுத்தணும்னு தோணுச்சே, அதுதாம்மா இதுல முக்கியம். யார் யோசனை?"

"நான்தான் சார் யோசிச்சேன்."

சாதிக் அட்டைக்குப் பின்னால் நின்று, பிய்ந்துகொண்டிருந்த மூலையை செல்லோ டேப்பால் ஒட்டிக்கொண்டிருந்தான். டேப்பைக் கடித்துக் கிழித்தான். ஒட்டினான். இன்னொரு துண்டு கிழித்து, பிய்யாத மூலையிலும் ஒட்டினான்.

நான் வெளியே மைதானத்தைப் பார்த்தேன்.

முதல் பரிசு எங்களுக்குத்தான். மாவட்டக் கண்காட்சிக்குக் குழுவிலிருந்து ஒருவர் போய் விளக்கலாம், ஹரிணி போகட்டும் என்றார் டீச்சர். அன்று சாயங்காலம் முருகேசன் சைக்கிளை உதைத்துத் தள்ளிவிட்டு என்னிடம் வந்தான். "எங்கப்பா ரெண்டு ஞாயித்துக்கிழமை சவாரியை விட்டாரு. அவ 'சென்றேன்'னு எழுதியிருக்கா. தனியா நடந்தே போனாளாமா? நீதானே அவ ஃபிரண்டு, கேக்க மாட்டியா?"

கேட்டேன். மறுநாள் பேருந்து நிறுத்தத்தில், தட்டுவடை செட் வாங்கி ஒரு வாய்கூடத் தின்னாமல் கேட்டேன்.

"அட்டையில எல்லார் பேரும் இருக்குல்ல," என்றாள்.

"உள்ள யாரும் இல்லையே."

அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "எங்கப்பாகிட்ட 'நாங்க செஞ்சோம்'னு சொல்லிப் பாரு. 'சரி, அதுல நீ என்ன செஞ்ச?'ன்னு கேப்பாரு. அக்கா வாங்கின கப்பெல்லாம் ஹால்ல இருக்கு. எனக்குன்னு சொல்ல ஒண்ணாவது வேணும்னு..." என்று நிறுத்தினாள். உடனே குரல் மாறியது. "நீ மட்டும் என்ன? அன்னைக்கே படிச்சேல்ல? சூப்பர்னு அனுப்பினேல்ல?"

பதில் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. அவள் பேருந்து வந்தது. ஏறிப் போய்விட்டாள்.

இரவு முழுக்க அந்த 'சூப்பர்' உறுத்திக்கொண்டே இருந்தது. அவள் ஒளித்துச் செய்யவில்லை. முதலில் என்னிடம்தான் காட்டினாள். அன்றைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மூன்றாம் பக்கத்தோடு முடிந்திருக்கும். சாதிக் டேப் ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டியிருந்திருக்காது.

சாதிக்கிடம் போய், "எனக்கு முன்னாடியே தெரியும். சொல்லாம விட்டுட்டேன். மன்னிச்சிரு" என்றேன்.

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "மாவட்டத்துல ஹரிணியே பேசட்டும். எனக்குப் பேச வராது. ஆனா என் பேரைச் சொல்லிப் பேசணும்." இந்த முறை இரண்டாம் தடவை கேட்க வேண்டியிருக்கவில்லை.

அதை ஹரிணியிடம் அப்படியே சொன்னேன். மாற்றாவிட்டால் நானே டீச்சரிடம் போய், என் 'சூப்பர்' உட்பட எல்லாவற்றையும் சொல்வேன் என்றும் சொன்னேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள், "சனிக்கிழமை வீட்டுக்கு வாங்க" என்றாள். அதற்கு முன்பே டீச்சரிடம் போய், அந்த யோசனை சாதிக்குடையது என்று அவளே சொல்லிவிட்டிருந்தாள். டீச்சர் என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை. அவள் கண் சிவந்திருந்தது.

முருகேசன் வரவில்லை. கூப்பிட்டதற்கு, "நீங்களே மாத்திக்கோங்க" என்றுவிட்டான். நானும் சாதிக்கும் போனோம். ஹாலில் கண்ணாடி அலமாரி நிறைய கப்புகள். ஹரிணியின் அம்மா சுக்குக் காப்பி கொடுத்தார்.

எல்லா 'ஏன்'களையும் ஒரேயடியாக 'ஓம்' ஆக்கிவிடலாம் என்று நினைத்துத்தான் உட்கார்ந்தோம். அது சரிப்படவில்லை. 'தட்டச்சு செய்தேன்' என்ற இடத்தில் ஹரிணி விரலை எடுத்துவிட்டு எங்களைப் பார்த்தாள். "அது நீதானே செஞ்ச, அப்படியே இருக்கட்டும்" என்றான் சாதிக். 'வேனில் சென்றேன்' என்பது 'முருகேசனின் அப்பா எங்களை அழைத்துச் சென்றார்' ஆனது. 'ஒருவர் அடிவாரத்தில் நிற்க வேண்டும் என்று யோசித்தேன்' என்ற வரியை ஹரிணி முழுதாக அழித்துவிட்டு, மெதுவாக, 'சாதிக் சொன்னான்' என்று முடியும்படி அடித்தாள். ஒவ்வொரு வினையிலும் நின்று இது யார் என்று கேட்க வேண்டியிருந்தது. இரண்டு மணி நேரத்தில் ஒன்பது பக்கம்தான் முடிந்தது.

பத்தாம் பக்கத்தில், 'அடிவாரத்தில் இரண்டு மணி நேரம் காத்திருந்தேன்' என்று இருந்தது.

"இதுக்கு உன் நோட்டுல என்ன இருக்கு?" என்றாள் ஹரிணி.

பிரித்துப் பார்த்தேன். என் கையெழுத்தில், நீல மையில், 'காத்திருந்தோம்'.

எனக்கு முகம் சுட்டது. காத்திருந்தோமா? நான் ஏரிக்கரையில் பஜ்ஜி தின்றுகொண்டிருந்தேன். அவள் கைவைப்பதற்கு முன்பே, என் நோட்டிலேயே, புளியமரத்தடியில் சாதிக் இல்லை.

"ஓம் இல்ல ஹரிணி. ஆன்னு போடு," என்றேன். "சாதிக் காத்திருந்தான்."

அடித்தாள். சாதிக் திரைக்குப் பக்கத்தில் குனிந்து வரியைப் படித்தான்.

"ரெண்டு மணி நேரம் தப்பு," என்றான். பையிலிருந்து அவனுடைய நோட்டை எடுத்து மேசையில் வைத்தான். "பத்தரைக்குள்ள மேல போயிருவோம்னு சொல்லிட்டுப் போனீங்க. லேட்டாச்சுன்னா என்ன பண்றதுன்னு, வண்டி திரும்பி வர்ற வரைக்கும் அளந்துட்டே இருந்தேன்."

எட்டரையில் தொடங்கி, பத்து நிமிடத்துக்கு ஒரு வரி. 10.30க்குக் கீழேயும் வரிகள் போய்க்கொண்டே இருந்தன. ஏரிக்கரையில் நாங்கள் அளந்தது 10.50க்கு. அந்த நேரத்துக்கு நேராக, பென்சிலில், 26.5. அன்றைக்கு இந்த எண்ணை இதிலிருந்துதான் என் நோட்டுக்கு மாற்றி எழுதினேன். கடைசி வரி 11.40. அதற்குக் கீழே, 'வேன் வந்தது, 11.45'.

"மூணே கால் மணி நேரம்," என்றான் சாதிக்.

ஹரிணி அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அப்புறம் 'இரண்டு' என்பதை அழித்து, 'மூன்றே கால்' என்று அடித்தாள்.